அந்த நேரம் முடியாது, இந்த நேரம் வரலாமா?

மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பேராசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாட்டார் பாடல்களைப் பற்றி இணையவழியில் பேச அவரை டொராண்டோவில் இருக்கும் தமிழ் அமைப்பு ஒன்று அழைத்திருக்கிறது. லண்டனிலிருந்து இன்னொருவரும் பேசுகிறார். அமர்வு 2026 மார்ச் 22, ஞாயிறு. அதற்கு முன் மூவரும் ஒருமுறை ஜூமில் பேசிக்கொண்டால் நல்லது என்று நினைத்த அமைப்பாளர், மார்ச் 9 திங்கட்கிழமை வாட்ஸப்பில் எழுதுகிறார்: “இந்த வியாழன் இரவு எட்டரைக்கு ஒரு முக்கால் மணித்தியாலம் கதைப்பமோ? வசதிப்படுமோ?”

கேள்வி எளிமையானது, மரியாதையானது. பேராசிரியைக்கு அந்த நேரம் ஒத்துவராது. அதை அவர் எப்படி எழுதப்போகிறார் என்பதில்தான் அடுத்த நான்கு நாட்களின் தலைவிதி இருக்கிறது. ஒரே செய்தியில் காரியம் முடியலாம். “அப்போ எப்போ?”, “அது எங்க நேரமா, உங்க நேரமா?”, “நீங்க வர்றதா நினைச்சுட்டோமே” என்று பத்துப் பதினைந்து செய்திகளாகவும் இழுக்கலாம்.

முதலில் கணக்கு. டொராண்டோவில் வியாழன் இரவு 8.30 என்றால் மதுரையில் வெள்ளிக்கிழமை. காலை எத்தனை மணி? அங்கே உறவினர் இருக்கும் பலரும் வாய்ப்பாடு போல “பத்தரை மணி நேர வித்தியாசம்” என்று மனதில் வைத்திருப்பார்கள். குளிர்காலத்துக்கு அது சரி. அப்படிப் பார்த்தால் வெள்ளி காலை 7 மணி வரும். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். 2026-இல் அந்த ஞாயிறு மார்ச் 8. அமைப்பாளரின் செய்தி வந்தது அதற்கு மறுநாள். ஆகவே வித்தியாசம் இப்போது ஒன்பதரை மணி நேரம். மதுரையில் வெள்ளி காலை 6 மணி.

பழைய கணக்கிலேயே இருந்துவிட்டால் இரண்டு தவறுகள் ஒன்றாக வரும். காலை 7 மணி என்று நினைத்து ஒப்புக்கொண்டு, ஒரு மணி நேரம் தாமதமாக ஜூமைத் திறப்பது ஒன்று. இன்னொன்று இதைவிட மோசம்: மாற்று நேரமாகத் தான் முன்வைக்கும் நேரத்தையும் தப்பாகச் சொல்லிவிடுவது. சொன்ன நேரத்தை மறுப்பவர் வைக்கும் மாற்று நேரமே பிழையாக இருந்தால், அடுத்தமுறை மறுக்க அவருக்கே கூச்சமாக இருக்கும்.

லண்டன்காரரின் நிலைமை வேறு. பிரிட்டனில் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு, அதாவது 2026-இல் மார்ச் 29. ஆகவே மார்ச் 8-க்கும் 29-க்கும் நடுவில் மூன்று வாரம் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் வழக்கமான ஐந்து மணி நேர இடைவெளி நான்காகச் சுருங்கியிருக்கும். டொராண்டோவின் வியாழன் இரவு 8.30 அவருக்கு நள்ளிரவு தாண்டி 12.30. அவரும் நிச்சயம் வர முடியாது, ஆனால் இன்னும் வாய் திறக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் ஆண்டு முழுக்க மாறுவதில்லை. அதனாலேயே நம்மவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படாமல் போகிறது.

சரி, கணக்கு கிடைத்துவிட்டது. வெள்ளி காலை 6 மணி என்பது பேராசிரியை வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் நேரம். பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஏழே முக்காலுக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அவர் பழக்கத்தில் எழுதினால் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் ஐயா. மிக்க மகிழ்ச்சி. வெள்ளி காலை கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் பார்க்கிறேன். பையனுக்குப் பரீட்சை நேரம், அத்தைக்கும் உடம்பு சரியில்லை. மன்னிக்கவும். வேறு நேரம் இருந்தாலும் உங்கள் வசதிப்படி சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.”

எழுதியவரின் நல்ல மனது இதில் தெரிகிறது. ஆனால் படிப்பவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் பதிலே கிடைக்கவில்லை. “சிரமம்தான், ஆனாலும் பார்க்கிறேன்” என்பதை மதுரையில் ஒருவர் “வரமாட்டார்” என்று எடுத்துக்கொள்ளலாம். டொராண்டோவில் இருப்பவருக்கு எழுதியவரின் முகமும் தெரியாது, குரலும் கேட்காது. எழுத்தில் “பார்க்கிறேன்” என்று இருப்பதால் வருவார் என்றே எண்ணி, லண்டன்காரரிடம் “அவங்க ஓம் எண்டுட்டினம்” என்று சொல்லிவிடுவார். பேச்சில் குரலின் இறக்கம் செய்கிற வேலையை எழுத்தில் சொற்கள்தான் செய்ய வேண்டும். “முயற்சி பண்றேன்”, “பார்க்கலாம்”, “கொஞ்சம் கஷ்டம்” என்ற மூன்றும் தினமும் நம் வாயில் வருபவை. நேரம் குறிக்கும் செய்தியில் மட்டும் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்த சிக்கல் காரணங்கள். பரீட்சை, அத்தையின் உடம்பு இரண்டும் உண்மைதான். ஆனால் காரணத்தை விரித்துச் சொல்லச் சொல்ல, எதிரில் இருப்பவர் அதற்குத் தீர்வு தேடத் தொடங்கிவிடுவார். “பரீட்சை ஒன்பது மணிக்குத்தானே, ஆறு மணிக்குப் பேசலாமே” என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. உதவுவதாக நினைத்துத்தான் கேட்கிறார். நோயைச் சொன்னால் அவர் நலம் விசாரிக்க வேண்டும், அதற்கு இவர் பதில் எழுத வேண்டும், இதற்கிடையில் கூட்டத்துக்கான நேரம் காணாமல் போகும். “அந்த நேரத்தில் என்னால் வர முடியாது” என்பது முழுமையான வாக்கியம். அதற்கு மேல் ஒரு காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், “அது கல்லூரிக்குக் கிளம்பும் நேரம்” என்ற ஒரு வரி போதும். ராகு காலத்தில் புதிய காரியம் எதையும் தொடங்காதவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை அவர்கள் ஒப்பந்தம் பேசமாட்டார்கள். அதையும் விளக்கத் தேவையில்லை. “பன்னிரண்டரைக்கு மேல் எனக்குச் சரி” என்றால் முடிந்தது.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. “உங்கள் வசதிப்படி சொல்லுங்கள்” என்பது நம் பண்பாட்டில் பணிவு. ஆனால் இந்த இடத்தில் அது வேலை முழுவதையும் அமைப்பாளரின் தலையில் திருப்பி வைக்கிறது. மதுரையில் எந்த நேரம் ஒத்துவரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் இன்னொரு நேரத்தை ஊகித்துச் சொல்வார், அதையும் மறுக்க வேண்டி வரும். இரண்டாவது மறுப்பு முதலாவதைவிடக் கசக்கும். ஒரு நேரத்தை மறுப்பவர், தன் நாட்குறிப்பைப் பார்த்து வேறு நேரத்தை அதே செய்தியிலேயே வைத்துவிட வேண்டும். மரியாதை என்பது இங்கே அதுதான்.

அப்படியானால் எந்த நேரத்தை வைப்பது? தனக்கு வசதியானதை மட்டும் பார்த்தால் போதாது. பேராசிரியைக்கு வார நாட்களில் மதியம் இரண்டு முதல் மூன்று வரை வகுப்பில்லை. ஆனால் அது டொராண்டோவில் அதிகாலை நாலரை. வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு அவர் ஓய்வு; அங்கே காலை பத்தரை, அமைப்பாளர் வேலையில் இருப்பார். மூவரும் விழித்திருந்து, மூவரும் வேலையில் இல்லாத நேரம் என்று பார்த்தால் சனி, ஞாயிறுதான் மிஞ்சுகிறது. மதுரையில் மாலை ஆறரை என்றால் டொராண்டோவில் காலை ஒன்பது, லண்டனில் பகல் ஒரு மணி. மதுரையில் இரவு ஒன்பது என்றால் அங்கே பதினொன்றரையும் மூன்றரையும். இந்த இரண்டரை மணி நேரத்துக்குள் முக்கால் மணிப் பேச்சைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இப்போது அவர் எழுதுகிறார்:

“வணக்கம் ஐயா. அமர்வுக்கு முன் மூவரும் பேசிக்கொள்வது நல்லது, நானும் கலந்துகொள்கிறேன். நீங்கள் சொன்ன வியாழன் இரவு 8.30 இங்கே வெள்ளி காலை 6 மணி. அது கல்லூரிக்குக் கிளம்பும் நேரம், என்னால் வர முடியாது.

அதற்குப் பதிலாக மார்ச் 14, சனிக்கிழமை பேசலாமா? டொராண்டோ காலை 9 முதல் 11.30 வரை, லண்டன் பகல் 1 முதல் 3.30 வரை, மதுரை மாலை 6.30 முதல் இரவு 9 வரை. இதற்குள் எப்போது என்றாலும் எனக்குச் சரி. முக்கால் மணி நேரம் என்பதால் டொராண்டோ 10.45-க்குள் தொடங்கினால் போதும். சனி முடியாவிட்டால் மறுநாள் ஞாயிறும் இதே நேரம் வரலாம்.

இரண்டு நாளும் இந்த நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். வியாழன் இரவுக்குள், உங்கள் நேரப்படி, எது என்று சொல்லிவிட்டால் மற்றதில் வேறு வேலை வைத்துக்கொள்வேன்.”

இதை வரிவரியாகப் பார்க்கலாம். தொடக்கத்திலேயே கூட்டத்துக்குச் சம்மதம் வந்துவிடுகிறது. மறுப்பது நேரத்தை மட்டும்தான், அழைப்பை அல்ல என்று அமைப்பாளருக்கு முதல் வரியிலேயே புரிந்துவிடுகிறது. மறுப்பு மூன்றாவது வரிக்குள் முடிகிறது. நடுவில் “இங்கே வெள்ளி காலை 6 மணி” என்ற வரி இரண்டு வேலை செய்கிறது: மறுப்பின் நியாயத்தைச் சொல்கிறது, தான் எந்த வித்தியாசத்தில் கணக்குப் போட்டிருக்கிறார் என்பதையும் காட்டுகிறது. ஒருவேளை கணக்கு தப்பாக இருந்தால் அமைப்பாளர் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார்.

நேரங்களைச் சொல்லும் வரிசையையும் கவனிக்கலாம். டொராண்டோ முதலில் வருகிறது, ஏனென்றால் கடிதம் போவது அங்கே. படிப்பவர் தன் நேரத்தை முதலில் பார்த்து “சரி” என்று சொல்லிவிட முடியும். தேதியும் கிழமையும் இரண்டும் இருக்கின்றன. தேதியை எழுதும்போது 14 என்று போட வேண்டிய இடத்தில் 15 என்று விரல் தவறினாலும் “சனி” என்ற சொல் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் “அடுத்த சனி” என்றால் வரும் சனியா, அதற்கு அடுத்ததா என்று வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்.

“10.45-க்குள் தொடங்கினால் போதும்” என்பது பலரும் எழுதாமல் விடும் வரி. ஒருவர் “6.30 முதல் 9 வரை ஓய்வு” என்றால், எதிரில் இருப்பவர் 8.45-க்குக் கூட்டம் வைத்துவிடக்கூடும், அவர் பார்வையில் அது 9-க்குள்தானே. பிறகு முக்கால் மணிப் பேச்சு ஒன்பதரைக்கு இழுக்கும். ஓய்வு நேரத்தின் முடிவிலிருந்து கூட்டத்தின் நீளத்தைக் கழித்து, கடைசியாகத் தொடங்கக்கூடிய நேரத்தைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

மாற்று நாட்கள் இரண்டோடு நின்றதும் நல்லதே. “திங்கள் மாலை, செவ்வாய் மதியம், புதன் எப்போதும், சனி ஞாயிறும் ஓகே” என்று ஐந்தாறு நேரம் கொடுத்தால் தாராளம் போலத் தெரியும். ஆனால் மூன்று பேர் சேரும் கூட்டத்தில் அமைப்பாளர் ஒவ்வொன்றையும் லண்டனுக்குச் சொல்லி ஒப்பிட வேண்டும். அதோடு, அத்தனை நேரத்தையும் பதில் வரும்வரை காலியாக வைத்திருக்க யாராலும் முடியாது. இரண்டை வைத்து, இரண்டையும் உறுதியாகக் காப்பாற்றுவதே நடைமுறைக்கு ஏற்றது. எப்போதுவரை காப்பாற்றுவார் என்பதையும் சொல்லியிருப்பதால், பதில் வராமல் போனால் வெள்ளிக்கிழமை காலையில் ஒருமுறை நினைவூட்டவும் அவருக்கு வழி இருக்கிறது.

வாட்ஸப்பில் இதை எழுதும்போது தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது: “இன்று”, “நாளை”. மதுரையில் வெள்ளி காலை ஐந்தரைக்கு எழுந்து “நாளை மாலை பேசலாம்” என்று அனுப்பினால், எழுதியவர் மனதில் இருப்பது சனி. அந்தச் செய்தி டொராண்டோவில் வந்து விழும்போது அங்கே வியாழன் இரவு எட்டு மணி; படிப்பவருக்கு நாளை என்பது வெள்ளி. செய்தியின் பக்கத்தில் தெரியும் நேரமும் அவரவர் போனின் நேரப்படிதான் காட்டும், ஆகவே அதைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. இதேபோல “சனி இரவு ஒரு மணி” என்று நாம் பேச்சில் சொல்வது காலண்டர்ப்படி ஞாயிறு அதிகாலை 1 மணி. பன்னிரண்டு மணிக்கு “பகல்” அல்லது “நள்ளிரவு” என்ற சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டும், நள்ளிரவுக்கு இரு பக்கத்துக் கிழமைகளையும் எழுதிவிடுவது இன்னும் நல்லது. குரல் பதிவில் நேரம் சொல்பவர்கள் அதையே ஒரு வரி எழுதியும் அனுப்ப வேண்டும். மூன்று நாள் கழித்து “எத்தனை மணி என்றார்?” என்று தேடுபவருக்குக் குரல் பதிவுக்குள் தேட வழியில்லை.

அலுவலகங்களில் இதெல்லாம் காலண்டர் அழைப்பாக வரும். அவுட்லுக்கில் Propose New Time என்றும் கூகுள் காலண்டரில் Propose a new time என்றும் ஒரு வசதி இருக்கிறது. மறுக்கும்போதே மாற்று நேரத்தையும் அனுப்பலாம். நல்ல வசதிதான், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். அதில் வைக்க முடிவது ஒரே ஒரு நேரம். “ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எப்போதும்” என்று சொல்ல அங்கே கட்டம் இல்லை. அந்தப் பரிந்துரை போய்ச் சேர்வது கூட்டத்தை அழைத்தவரிடம். அவர் ஏற்று, திருத்திய அழைப்பை அனுப்பும்வரை மற்ற எல்லோருடைய காலண்டரிலும் பழைய நேரமே நிற்கும். “நான் மாற்றிவிட்டேனே” என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தப் பெட்டியில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. “இது இல்லாவிட்டால் அன்றே 9 வரை எப்போதும் சரி” என்று இரண்டு வரி அங்கே எழுதிவிட்டால் வசதி முழுமையாகப் பயன்படும். எதுவும் எழுதாமல் No என்பதை மட்டும் அழுத்திவிட்டுப் போவது, வீட்டு வாசலில் அழைப்பிதழ் கொடுத்தவரிடம் ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

யாருக்குப் பதில் அனுப்புவது என்பதும் யோசிக்க வேண்டியதே. மூன்று பேர் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுதுவது நல்லது. மதுரையின் செய்தியைப் பார்த்த பிறகுதான் லண்டன்காரர் “எனக்கும் அது நடுராத்திரி, சனி நல்லது” என்று வாய் திறப்பார். பேர் அதிகமானால் இந்த முறை உடைந்துவிடும். பதினைந்து பேர் குழுவில் ஒருவர் மறுத்து மாற்று நேரம் வைத்தால், ஆளுக்கொரு நேரம் வந்து குவியும். அங்கே அழைத்தவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக இரண்டு மூன்று நேரத்தை வைத்து வாக்கெடுப்பு நடத்தும்படி கேட்பதே முறை. வாட்ஸப்பிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

மாற்று நேரம் கேட்கக் கூடாத கூட்டங்களும் உண்டு. பலர் பயணச்சீட்டு எடுத்து வரும் நிகழ்ச்சிக்கும், முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டு குறித்த நேரத்துக்கும் ஒருவருக்காக நகர்த்தும்படி கேட்பது நியாயமில்லை. அங்கே “என்னால் வர முடியாது, என் குறிப்புகளைப் புதன் இரவுக்குள் எழுதி அனுப்புகிறேன்” என்பதே சரியான பதில். இரண்டாவது முறையும் மறுக்க நேர்ந்தால் அதையே செய்யலாம். கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது மறுக்க வேண்டிய நிலை வந்தால் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவர் செய்தியைப் பார்க்காமல் ஜூமில் காத்திருக்கக்கூடும்.

நம் பேராசிரியைக்கு அமைப்பாளரின் பதில் ஒரு வரியில் வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம்: “சனி எங்கட காலை 9.30, உங்கட இரவு 7. லிங்க் நான் அனுப்புறன்.” அவரும் இரண்டு நேரத்தையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தெளிவாக எழுதிய ஒரு செய்தி, அடுத்தவரையும் அதே தெளிவில் எழுத வைக்கிறது.

கடைசியாக, வெளிநாட்டு நேரம் பார்க்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். போனில் இருக்கும் உலகக் கடிகாரம் இந்த நிமிடத்து வித்தியாசத்தைத்தான் காட்டும். மூன்று வாரம் கழித்து நடக்கும் கூட்டத்துக்கு அதை நம்பக் கூடாது. காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு நிகழ்ச்சியைப் போட்டு, நேர மண்டலத்தை டொராண்டோ என்றோ லண்டன் என்றோ மாற்றிப் பாருங்கள், சரியான நேரம் தெரியும். பிரிட்டன் தன் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவது அக்டோபர் கடைசி ஞாயிறு, ஒன்டாரியோ நவம்பர் முதல் ஞாயிறு. 2026-இல் அவை அக்டோபர் 25, நவம்பர் 1. அந்த வாரத்துக்கு யாருக்காவது மாற்று நேரம் எழுதுவதாக இருந்தால், அனுப்பும் முன் கணக்கை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள்.